கவரிங் நகையும் பச்சைக் கறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கல்யாணத்துக்கும் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும் வாடகைக்கு நகை செட் கொடுத்து வருகிறேன். செட்டை வாங்க வரும்போது ஒரு கேள்வி, திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு கேள்வி. பாதிக்கு மேல் இந்தப் பச்சையைப் பற்றித்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்டது கேட்டபடியே இருக்கிறது.

"அக்கா, கவரிங் மோதிரம் போட்டா விரல் ஏன் பச்சையா ஆகுது?"

செம்புதான் காரணம். கவரிங் நகைக்கு உள்ளே இருப்பது பெரும்பாலும் செம்பு அல்லது பித்தளை. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான், அதில் பாதிக்கு மேல் செம்பு. செம்பின் மேல் வியர்வை பட்டு, கூடவே காற்றும் சேர்ந்தால் பச்சையாக ஒன்று உண்டாகும். அதற்குத் தமிழில் பழைய பெயரே இருக்கிறது: களிம்பு. கோயில் மணியிலும், விளக்காமல் விட்ட குத்துவிளக்கின் இடுக்கிலும் நாம் பார்க்கும் அதே களிம்புதான் விரலிலும் ஒட்டுகிறது.

வியர்வை வெறும் தண்ணீர் இல்லை. அதில் உப்பு இருக்கிறது, லேசான புளிப்பும் இருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் அதோடு சேர்கிறது. உப்பும் புளிப்பும் செம்பைக் கரைக்கின்றன, கரைந்த செம்பு எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து தோலில் படிகிறது. நம் வீடுகளில் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைக்க மாட்டார்கள். புளியும் உப்பும் பித்தளையிலிருந்து செம்பை இழுத்துவிடும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் நடப்பது அதே வேலைதான், மெதுவாக, சின்ன அளவில்.

"மேலதான் தங்க முலாம் இருக்கே, அப்புறம் செம்பு எப்படி வெளியே வருது?"

முலாம் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மலிவான கவரிங்கில் தங்கப் பூச்சு ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முடியோடு ஒப்பிட்டால் எழுநூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய பூச்சு முழு மூடியாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளைகள் அதில் நிறைய இருக்கும். வியர்வை அந்தத் துளை வழியாக உள்ளே போய் செம்பைத் தொடுகிறது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. தங்கமும் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால், அது சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். அந்தப் பேட்டரியில் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது, செம்புதான் கரையும். வெறும் செம்பு கரைவதைவிட வேகமாகவே கரையும். சுற்றிலும் பெரிய பரப்பில் தங்கம், நடுவில் ஊசித் துளையளவு செம்பு என்றால், முழு அரிப்பும் அந்தத் துளையில்தான் விழும். அதனால்தான் மேலே பார்க்கப் பளபளப்பாக இருக்கும் புது மோதிரம்கூட ஒரே வாரத்தில் விரலைப் பச்சையாக்கிவிடுகிறது. முலாம் முழுசாகத் தேயும்வரை அது காத்திருப்பதில்லை.

நல்ல பட்டறையில் செம்புக்கும் தங்கத்துக்கும் நடுவில் வேறொரு உலோகத்தை ஒரு பூச்சாகக் கொடுப்பார்கள், பெரும்பாலும் நிக்கல். துளைகளை அது ஓரளவு அடைக்கும். செம்பு மெல்ல மெல்லத் தங்கத்துக்குள் ஊடுருவி வருவதையும் தடுக்கும். ஆனால் நிக்கலுக்கு வேறொரு குணம் உண்டு, அதை அரிப்பைப் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"இது விஷமா? தோல் வழியா ரத்தத்துல கலந்துருமா?"

பச்சைக் கறை தோலின் மேல்பூச்சு மட்டும்தான். அதில் இருக்கும் செம்பு மிகக் கொஞ்சம், தோலைத் தாண்டிப் போகும் அளவு அதிலும் கொஞ்சம். செம்பு உடம்புக்கு வேண்டாத பொருளும் இல்லை, சாப்பாட்டில் தினமும் ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகத் தேவைப்படுகிறது. செம்புக் காப்பும் செம்பு மோதிரமும் வருஷக்கணக்கில் கழற்றாமல் போட்டிருக்கிறவர்கள் எத்தனையோ பேர். கறைக்காகப் பயப்பட வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். மோதிரத்தின் இடுக்கில் பச்சைத் தூளாகப் படிந்திருக்கும் களிம்பு வயிற்றுக்குள் போகக் கூடாது. கொஞ்சம் அதிகமாகப் போனால் குமட்டலும் வாந்தியும் வரும். வலது கையில் கவரிங் மோதிரம் போடுகிறவர்கள் சாப்பிடும் முன் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

"எனக்கு மட்டும்தான் ஆகுது, என் தங்கச்சிக்கு ஆகல. உடம்புச் சூடுன்னு எங்க அத்தை சொல்றாங்க."

அத்தை கவனித்தது சரி, சொல்லும் காரணம்தான் வேறு. எல்லாருக்கும் வியர்வை ஒரே மாதிரி இருக்காது. சிலருக்கு நிறைய வரும், சிலருக்கு உப்பு கூடுதலாக இருக்கும், சிலருக்குப் புளிப்பு கூடுதலாக இருக்கும். ஒரே ஆளுக்கே வெயில் காலத்தில் ஒரு மாதிரி, மார்கழியில் ஒரு மாதிரி. செம்பு கரைவது இதைப் பொறுத்துத்தான். நோய்க்கும் ரத்தக் கெடுதலுக்கும் இது அடையாளம் இல்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் மாமியார் ஆகப்போகிறவர் பெண்ணின் விரலைப் பார்த்து "உடம்புல ஏதோ கோளாறு" என்று சொன்னதாக ஒரு பெண் என்னிடம் அழுதிருக்கிறாள். அவள் விரலில் இருந்தது மலிவான மோதிரத்தின் கோளாறு, வேறொன்றும் இல்லை.

ஊரும் ஒரு காரணம். சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரை வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கக் கூட்டத்தில் நின்றுவிட்டு வந்தால், அன்று ராத்திரியே கழுத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு தெரியும். அதே ஆரத்தைக் கொடைக்கானலில் ஒரு கல்யாணத்துக்குக் கொடுத்தேன், இரண்டு நாள் கழித்துச் சுத்தமாகத் திரும்பி வந்தது. இன்னொன்று தண்ணீர். நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். அந்தத் தண்ணீரில் மோதிரத்தோடு குளித்தால், வியர்வையில் இருக்கும் உப்புக்கு மேல் இந்த உப்பும் சேர்கிறது.

"ஒரே செட்டுல வாங்கினது. ஜிமிக்கி புதுசா இருக்கு, மோதிரம் மட்டும் பச்சை விடுது. மோதிரம் டூப்ளிகேட்டா?"

இதைக் கேட்டவர் ஒரு நர்ஸ். அவர் மோதிரத்தையும் ஜிமிக்கியையும் என் மேஜை மேல் வைத்து இருவருமாகப் பார்த்தோம். மோதிரத்தின் மேல்பக்கம் நல்ல மஞ்சள். உள்பக்கத்தைத் திருப்பினால், உள்ளங்கைப் பக்கம் வரும் இடத்தில் மட்டும் பிறை வடிவில் செந்நிறமாக ஒரு திட்டு. வாளிப் பிடி, ஸ்கூட்டி ஹேண்டில் பார் எல்லாம் அந்த இடத்தில்தான் அழுத்தும். முலாம் அங்கே முழுசாகத் தேய்ந்து உள்ளே இருந்த உலோகம் தெரிந்தது. எலுமிச்சைச் சாற்றில் லேசாக நனைத்த பஞ்சை அந்தத் திட்டில் தேய்த்தேன், பஞ்சில் நீலப் பச்சை ஏறியது. ஜிமிக்கியின் பின்பக்கத்தில் தேய்த்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

இரண்டும் ஒரே பட்டறைச் சரக்குதான், மாட்டிய இடம்தான் வேறு. ஜிமிக்கி காற்றில் தொங்குகிறது. காதைத் தொடுவது அதன் தண்டு மட்டும்தான், உராய்வும் இல்லை. மோதிரத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஈரம் காயும் அளவுக்குக் காற்றுப் போகாது. அவர் வேலையில் ஒரு நாளைக்குப் பல தடவை கை கழுவ வேண்டும், சானிடைசரும் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீர் மோதிரத்துக்குக் கீழே தங்குகிறது. முலாம் கேள்வியில் சொன்ன ஊசித் துளைகள், பிறைத் தேய்மானம், காயாத ஈரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன. அந்த மோதிரத்தை என்ன செய்தோம் என்று நெயில் பாலிஷ் கேள்வியில் வருகிறது.

"ஒட்டின பச்சையை எப்படி எடுக்கிறது? நாளைக்கு எனக்கு ஃபங்ஷன்."

முதலில் தேங்காய் எண்ணெய். கறையில் எண்ணெய்ப் பசை கலந்திருப்பதால் எண்ணெய் அதை நன்றாக இளக்கும். இரண்டு நிமிஷம் தேய்த்து, பழைய துணியால் துடைத்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரும்பாலும் இதிலேயே போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டாலும் ஒன்றிரண்டு நாளில் மேல்தோல் உதிரும்போது தானாகப் போகும்.

எலுமிச்சை தேய்த்தால் சீக்கிரம் போகும் என்பது உண்மை. ஆனால் தேய்த்த கையோடு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் அந்த இடம் வெந்து, கறுப்புத் திட்டாக வாரக்கணக்கில் நிற்கும். பச்சையைவிட அது மோசம். அவசரத்துக்கு எலுமிச்சைதான் என்றால் ராத்திரியில் செய்து நன்றாகக் கழுவிவிடுங்கள்.

"ப்ளவுஸ் கழுத்துல பச்சை ஏறிடுச்சு. அதுக்கும் எண்ணெய்தானா?"

துணிக்கு எண்ணெய் வேண்டாம், அது இன்னொரு கறையாகிவிடும். வெள்ளைப் பருத்தியாக இருந்தால் எலுமிச்சைச் சாற்றில் கொஞ்சம் உப்புக் கலந்து கறையில் வைத்து, பத்து நிமிஷத்தில் நிறையத் தண்ணீரில் அலசுங்கள். சாயத் துணியானால் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பட்டு ப்ளவுஸில் நீங்களாக எதுவும் செய்யாமல் டிரை கிளீனிங்குக்குக் கொடுத்து, அது செம்புக் கறை என்று சொல்லிக் கொடுங்கள். இப்போதெல்லாம் நான் பட்டு ப்ளவுஸோடு போடும் ஆரத்தின் பின்பக்கத்தில், கழுத்தைத் தொடும் பகுதிக்கு மட்டும் மெல்லிய பருத்தி நாடாவைத் தைத்தே அனுப்புகிறேன்.

"உள்ளே நெயில் பாலிஷ் அடிச்சா போதும்னு யூட்யூப்ல சொல்றாங்க. நிஜமா?"

நிஜம்தான், ஆனால் செய்கிற விதத்தில் செய்தால். நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அது வியர்வைக்கும் செம்புக்கும் நடுவில் நிற்கும். அழுக்கு மேலேயோ களிம்பு மேலேயோ அடித்தால் ஒட்டாது, இரண்டாம் நாளே சுருண்டு உரியும். பலர் "அடிச்சேன், வேலை செய்யல" என்று சொல்வது இதனால்தான்.

அந்த நர்ஸின் மோதிரத்துக்கு நாங்கள் செய்தது இது. மோதிரத்தில் கல் இல்லாததால் மிதமான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷால் உள்பக்கத்தை மெதுவாகத் தேய்த்துக் கழுவினோம். துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்தோம். பஞ்சில் கொஞ்சம் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு உள்பக்கத்தை ஒரு தடவை துடைத்ததும் எண்ணெய்ப் பசை போய்விட்டது. அப்புறம் ஒரு மெல்லிய பூச்சு, கால் மணி நேரம் கழித்து இன்னொரு மெல்லிய பூச்சு. விளிம்பையும் விடாமல் சுற்றி அடித்தோம், ஏனென்றால் படலம் முதலில் தூக்குவது விளிம்பில்தான். கெட்டியாக ஒரே பூச்சாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். ராத்திரி முழுக்க விட்டு, மறுநாள்தான் போட்டார்.

ஒன்பது நாள் விரல் சுத்தமாக இருந்தது. பத்தாம் நாள் பச்சை வந்தது, விரலைச் சுற்றி இல்லை, அந்தப் பிறைத் திட்டு இருந்த இடத்தில் மட்டும். படலம் அங்கேதான் உரிந்திருந்தது. உராய்வு எங்கேயோ அங்கே பாதுகாப்பு முதலில் போகிறது என்பது அவருக்கே கண்ணால் தெரிந்தது. மோதிரத்துக்கு வாரம் பத்து நாளுக்கு ஒரு தடவை பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். வளையலுக்கும் ஆரத்தின் பின்பக்கத்துக்கும் அதைவிட நிறைய நாள் நிற்கும். பழைய படலத்தை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் போடலாம், ஆனால் முத்தும் ஒட்டுக் கல்லும் இருக்கும் நகையில் அது படக் கூடாது. பசை இளகிவிடும், முத்தின் பளபளப்பும் போய்விடும்.

"கறுத்துப்போன கவரிங்கைப் புளி போட்டு விளக்கலாமா? பித்தளை விளக்கு பளபளன்னு ஆகுதே."

கூடாது. பித்தளை விளக்கு உள்ளும் புறமும் ஒரே பித்தளை. புளி மேலிருக்கும் கறையைக் கரைத்தால் அடியில் புதுப் பித்தளை தெரியும், நமக்கு வேண்டியது அதுதான். கவரிங்கில் மேலே இருப்பது முடியில் எழுநூறில் ஒரு பங்குத் தங்கம். புளிச்சாறு ஊசித் துளைகள் வழியாக உள்ளே போய்த் தங்கத்துக்கு அடியில் இருக்கும் செம்பைக் கரைக்கும். பிடிமானம் போன தங்கம், நாரால் தேய்க்கும்போது உதிர்ந்துவிடும். தேய்த்த அன்று பளபளப்பாகத்தான் தெரியும், தெரிவது செம்பு. மறுவாரம் முன்பைவிட அதிகமாகப் பச்சை விடும். பல் பேஸ்ட், விபூதி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பொடி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பேஸ்டும் விபூதியும் புளிப்பு இல்லாவிட்டாலும் தேய்த்தே எடுத்துவிடும்.

கவரிங்குக்கு உகந்தது மென்மையான உலர்ந்த பருத்தித் துணி. கழற்றியதும், வியர்வை காயும் முன்னாலேயே ஒரு தடவை துடைத்துவிடுங்கள். நைந்துபோன கைக்குட்டை, பழைய வேட்டித் துணி எதுவும் போதும். அழுக்கு அதிகமானால் கல் பதிக்காத நகைக்கு மட்டும் துளி ஷாம்பூ கலந்த தண்ணீர், உடனே துடைத்துக் காயவிடுவது. கல் பதித்ததைத் தண்ணீரில் போடாதீர்கள். கல்லுக்குப் பின்னால் பளபளப்புக்காக ஒரு தகடு வைத்திருப்பார்கள். தண்ணீர் புகுந்தால் அது மங்கி, கல் குருடாகிவிடும்.

"ஒரு கிராம் கோல்டுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஒரு கிராம் தங்கம் இருந்தும் பச்சை வருமா?"

அது ஒரு சரக்கின் பெயர், எடைக் கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நடுத்தர ஆரத்தின் மொத்த மேற்பரப்பு, முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஒரு மைக்ரான் தடிமனுக்குத் தங்கம் பூசினால், செலவாகும் தங்கம் சுமார் 190 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கிராம் முழுக்கப் பூச வேண்டுமென்றால் பூச்சு ஐந்து மைக்ரான் வரை வர வேண்டும். மலிவுச் சரக்கில் வரும் பத்தில் ஒரு மைக்ரான் பூச்சுக்கு ஆகும் தங்கம் 19 மில்லிகிராம்தான்.

இன்றைய தங்க விலையில் ஒரு கிராமுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் கொடுத்த விலையை அதோடு ஒப்பிட்டால், உள்ளே எவ்வளவு இருக்க முடியும் என்பது புரிந்துவிடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மைக்ரான் பூச்சு?" என்பது. தெரிந்து பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

"ஐம்பொன் மோதிரம் போட்டிருக்கேன். அது கவரிங் இல்லையே, அதுவும் ஏன் பச்சை விடுது?"

ஐம்பொன்னில் பெரும்பங்கு செம்புதான். கோயில் உற்சவ மூர்த்திகளை வார்க்கும் ஐம்பொன்னிலும் அப்படித்தான். கூடவே தங்கமோ வெள்ளியோ இருந்தாலும் மேற்பரப்பில் வியர்வை தொடுவது செம்பை. மேலே முலாம் போட்டு விற்கும் ஐம்பொன் மோதிரமானால் முலாம் தேயும்வரை குறைவாக வரும், தேய்ந்தபின் அதிகமாக வரும். முலாமே இல்லாத ஐம்பொன்னானால் ஒரு வசதி உண்டு: அதைப் புளி போட்டு விளக்கலாம். உள்ளும் புறமும் ஒன்றுதான் என்பதால் விளக்கைப் பற்றிச் சொன்னது இதற்குப் பொருந்தும்.

சைவ சித்தாந்தத்தில் உயிரோடு ஒட்டியே இருக்கும் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்பு இருக்கும் வரை கூடவே இருப்பது என்ற பொருளில். செம்பை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

"எனக்குப் பச்சையெல்லாம் வரல. செவந்து அரிக்குது, தண்ணியா வடியுது."

இது வேறு விஷயம். பச்சை என்பது கறை, அரிப்பு என்பது ஒவ்வாமை. பெரும்பாலும் நிக்கல்தான் காரணம். துளையை அடைக்கும் நடுப்பூச்சு என்று மேலே சொன்னேன் இல்லையா, அதே நிக்கல். தங்கப் பூச்சு தேய்ந்ததும் அது தோலைத் தொடும். ஒரு தடவை உடம்பு அதற்குப் பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் அந்தக் குணம் எளிதில் போகாது. ஜீன்ஸ் பட்டன், மலிவு வாட்ச் பக்கிள் பட்ட இடத்திலும் உங்களுக்கு அரித்தால் சந்தேகம் வலுக்கும்.

இவர்கள் நெயில் பாலிஷை நம்ப வேண்டாம், படலம் எங்காவது உரிந்தால் போதும், மறுபடி வந்துவிடும். அதுவும் காதுத் துளைக்குள் போகும் தண்டில் எதையும் பூசாதீர்கள். நகையைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். காதுக்கு மட்டுமாவது உண்மைத் தங்கத் தண்டோ டைட்டானியம் தண்டோ போடுவது நல்லது. ஜிமிக்கியின் கீழ்ப்பகுதி கவரிங்காகவே இருக்கலாம், தண்டை மட்டும் ஆசாரியிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். எங்கள் நாட்டியச் செட் ஒன்றில் அப்படி மாற்றித்தான் ஒரு சின்னப் பெண் அரங்கேற்றம் முடித்தாள்.

"பச்சையும் இல்ல, அரிப்பும் இல்ல. கறுப்பாத்தான் ஆகுது."

வெள்ளி போட்டால் கறுப்பு வரும், அது காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகத்தால். உண்மைத் தங்கம் போட்டுக் கறுப்பு வந்தால் முகப் பவுடரைப் பாருங்கள். பவுடரின் நுண்துகள் தங்கத்தை மிக நுட்பமாக உரசி எடுக்கும், அந்தத் தூள் தோலில் கறுப்பாகத் தெரியும். பழுப்பு நிறத்தில் கறை வந்தால் உள்ளே இரும்பு. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும்.

"சின்னப் பிள்ளைக்குப் போடலாமா?"

வாயில் வைத்துச் சப்பும் வயதில் வேண்டாம். பச்சைக்காக மட்டும் சொல்லவில்லை. விலை மிகக் குறைந்த நகைகளில் காரீயமும் காட்மியமும் கலந்திருப்பது பல நாடுகளில் நடந்த சோதனைகளில் தெரிந்திருக்கிறது. இரண்டும் குழந்தைக்குக் கெடுதல், கண்ணால் பார்த்து அவற்றைக் கண்டுபிடிக்கவும் முடியாது. அளவுக்குப் பொருந்தாமல் எடை கூடுதலாக, வளைத்தால் மெத்தென்று வளையும் நகையைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். பள்ளி விழாவுக்கு வேஷம் போட ஒரு மணி நேரம் மாட்டிக் கழற்றுவது வேறு.

"எல்லாம் சரி. தாலியைக் கவரிங் செயின்ல கோத்திருக்கேன். அதைக் கழற்றி வைக்கச் சொல்றீங்களா?"

சொல்ல மாட்டேன். தங்கச் செயினை அடகு வைத்துவிட்டு, வெளியில் தெரியாமல் கவரிங்கில் கோத்துக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் பேசுவார்கள். பிடரியில் பச்சைக் கோடு தெரிந்துவிடுமோ என்பதுதான் அவர்கள் கவலை. அது எனக்குப் புரிகிறது.

தாலியை மஞ்சள் கயிற்றிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டு, கவரிங் செயினை வெளியே போகும்போது மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொள்வதுதான் நல்ல வழி. குளிக்கும்போதும் தூங்கும்போதும் கயிறு மட்டும் இருக்கும். செயின் பாதி நாள் ஓய்வாக, உலர்ந்து இருக்கும். அதுவே அதன் ஆயுளை வெகுவாகக் கூட்டும்.

செயினிலேயே கோத்துத்தான் இருக்க வேண்டும் என்றால், குளித்ததும் தலையைத் துவட்டும் முன் செயினைத் துவட்டுங்கள். பிடரிப் பக்கம் துண்டை இரண்டாக மடித்து, செயினை அதற்கு நடுவில் வைத்து நீளவாக்கில் இழுத்துத் துடைத்தால் கண்ணிகளுக்கு இடையில் இருக்கும் தண்ணீர் வரும். தலை ஈரம் பிடரியில் சொட்டுவதால் அந்த இடத்தில்தான் பச்சைக் கோடு முதலில் விழுகிறது. முடி காயும்வரை செயினை முன்பக்கம் இழுத்து ரவிக்கைக்கு மேலே விட்டுக்கொள்ளுங்கள். கண்ணிச் செயினுக்கு நெயில் பாலிஷ் சரிவராது, அசையும் இடமெல்லாம் உரிந்துவிடும். கொக்கிக்கு மட்டும் அடிக்கலாம்.

"வாங்கும்போதே இது பச்சை விடுமா விடாதான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

பூச்சின் தடிமனைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் அவசரமாகச் செய்த வேலை சில இடங்களில் தன்னைக் காட்டிவிடும். மோதிரத்தின் உள்பக்கம், வளையலின் பொருத்து, கொக்கி, பற்றவைத்த முனைகள், பூ வேலையின் ஆழமான பள்ளங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். முகப்பு மஞ்சளாகவும் இந்த இடங்கள் செந்நிறமாகவோ வெளிறியோ இருந்தால் பூச்சு அங்கே சரியாக ஏறவில்லை, பச்சை அங்கிருந்துதான் தொடங்கும். கடையின் மஞ்சள் விளக்கில் இது தெரியாது. வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

தினமும் கழற்றாமல் போட ஒரு மோதிரம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் கவரிங்கைச் சொல்வதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இப்போது மோதிரங்கள் வருகின்றன. பச்சை விடும் அளவுக்கு அதில் செம்பு இல்லை, விலையும் கட்டுப்படியாகும்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் போடறேன். டப்பாவுல வெச்சிருந்தாலே பச்சை பூத்துருது, அதெப்படி?"

போட்டுக் கழற்றிய அன்று துடைக்காமல் வைத்திருப்பீர்கள். காய்ந்த வியர்வையின் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி, டப்பாவுக்குள்ளேயே வேலையைத் தொடரும். ஐப்பசி மழையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

என் செட்டுகள் திரும்பி வந்ததும் அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு இரவு மின்விசிறிக் காற்றில் பரப்பி வைப்பேன். மறுநாள் ஒவ்வொரு நகையையும் தனித்தனி ஜிப் கவரில், காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுப் போடுவேன். ஒன்றோடொன்று உரசினால் முலாம் தேயும். கவரோடு ஒரு சாக்பீஸ் துண்டும் போடுவேன், ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சாக்பீஸை வெயிலில் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும். வெல்வெட் பெட்டியில் அப்படியே வைப்பதை நிறுத்தி நாளாகிவிட்டது. அந்தத் துணி ஈரத்தை விடாமல் பிடித்துவைத்து, நகையின் பின்பக்கம் முழுக்கப் பச்சை பூக்க வைத்திருக்கிறது. இப்போது பெட்டி காட்டுவதற்கு மட்டும், நகை ஜிப் கவரில்.